முடிவு தேதி உள்ள நோன்பு

கிருஷ்ணன்கோவிலில் இருக்கும் என் தோழியின் கணவர் ஐப்பசி முதல் வாரத்தில் இறந்துபோனார். அன்று போய்ப் பார்த்துவிட்டு மறுநாள் ஊர் திரும்பினேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னால் அவள் கைக்கு ஏதாவது போய்ச் சேர வேண்டும் என்று தோன்றியது. ஸ்ரீவில்லிபுத்தூர் கடை ஒன்றில் துக்கத்துக்கான கார்டு ஒன்று கிடைத்தது. வெளியே வெள்ளை அல்லிப் பூ, உள்ளே ஆங்கிலத்தில் நான்கு வரி. அந்த நான்கு வரியை அவள் படித்து எந்தப் பயனும் இல்லை. அதனால் தமிழில் ஒரு வேண்டுதல் எழுதி உள்ளே வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். அவள் சாமி கும்பிடுகிறவள். நான் அவ்வளவாக இல்லை. ஆனாலும் அவளுக்குப் பழகிய மொழி அதுதான்.

மூன்று முறை எழுதினேன். முதல் இரண்டையும் கிழித்தேன். ஏன் கிழித்தேன் என்பதும், மூன்றாவதற்கு எந்தப் பாட்டுகள் துணை வந்தன என்பதும், அதிலும் எது சரியில்லாமல் போனது என்பதும்தான் இந்தக் கட்டுரை. ஆறுதல் வேண்டுதல் என்பதை யாரும் இலக்கியமாக எடுத்து விமர்சிப்பதில்லை. ஆனால் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் மிக மோசமான இரண்டு வாரங்களில் அவள் காதில் விழுகிற வாக்கியங்கள் இவைதான். அவற்றை யார் எழுதினார்கள், யாருக்காக எழுதினார்கள் என்று கேட்டுப் பார்க்கலாம்.

முதல் முறை எழுதியது தானாகவே கைக்கு வந்தது. அன்னாரது ஆன்மா சாந்தியடைய எல்லாம் வல்ல இறைவனைப் பிரார்த்திக்கிறேன், அன்னாரைப் பிரிந்து வாடும் குடும்பத்தாருக்கு ஆழ்ந்த இரங்கல். எழுதி முடித்த பிறகுதான் தெரிந்தது, இது கிருஷ்ணன்கோவில் பஸ் ஸ்டாப்பில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸின் வாசகம். இரண்டு வாக்கியத்திலும் என் தோழி இல்லை. வேண்டுதல் யாருக்காக என்றால் இறந்தவரின் ஆன்மாவுக்காக. இரங்கல் யாருக்கு என்றால் குடும்பத்தாருக்கு. அந்தச் சொல்லுக்குள் அண்ணன் தம்பிகள், மைத்துனர்கள், மகன் எல்லோரும் இருக்கிறார்கள். ஃபிளெக்ஸின் அடியில் பெயர்கள் போட்டிருந்தார்கள். அதிலும் அவள் பெயர் இல்லை. எங்கள் பக்கத்து ஃபிளெக்ஸ்களில் மனைவியின் பெயர் பெரும்பாலும் இருப்பதில்லை. இருந்தால், அவளும் இறந்த பிறகு அடிக்கும் ஃபிளெக்ஸில் இருக்கும்.

இதைக் கவனக்குறைவு என்று விட்டுவிட முடியவில்லை. அந்த வாசகம் ஊருக்காக எழுதப்படுவது. செத்தவர் யார், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், எந்த வீட்டுக்குப் போய்த் துக்கம் கேட்க வேண்டும் என்பதைச் சொல்வதற்கு. அந்த வேலைக்கு அது போதும். அதை அப்படியே மடித்து ஒரு பெண்ணின் கையில் கொடுப்பதுதான் தவறு.

இரண்டாவது முறை அவளை நேராக முன்னால் வைத்து எழுதினேன். இந்தத் துயரத்தைத் தாங்கும் சக்தியை ஆண்டவன் உனக்குத் தரட்டும், பிள்ளைகளுக்காக மனதைத் திடப்படுத்திக்கொள், காலம் எல்லாவற்றையும் ஆற்றும். இதைக் கிழிக்க ஒரு நாள் ஆனது, ஏனென்றால் இதில் அன்பு இருந்தது. ஆனால் திரும்பப் படித்தபோது ஒவ்வொரு வாக்கியத்திலும் அவளுக்கு ஒரு வேலை இருந்தது. தாங்க வேண்டும், திடப்படுத்த வேண்டும், பிள்ளைகளுக்காக இருக்க வேண்டும், காலத்துக்குக் காத்திருக்க வேண்டும். கடவுளுக்கு மட்டும் ஒரே வேலை: அவளைத் தாங்க வைப்பது. சுமையைக் குறைக்கும்படி அவரிடம் யாரும் கேட்கவில்லை. சுமையில் எவ்வளவு சாவு கொண்டுவந்தது, எவ்வளவு நாம் ஏற்றிவைத்தது என்ற கேள்வி அந்தத் தாளில் எழவே இல்லை.

நாம் ஏற்றிவைப்பது என்ன என்று எங்கள் பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் இதை வாசிக்கும் மாணவிகளில் சிலர் பார்த்திருக்க மாட்டார்கள். பதினாறாம் நாள் காரியத்தை ஒட்டி, பல சாதிகளில், இறந்தவரின் மனைவியை உட்கார வைத்து முகத்துக்கு மஞ்சள் பூசி, பெரிய பொட்டு வைத்து, தலை நிறையப் பூ வைத்து, இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் அடுக்குவார்கள். பிறகு அத்தனையையும் எடுப்பார்கள். வளையலை உடைப்பார்கள், தாலியைக் கழற்றுவார்கள். செய்வது பெரும்பாலும் ஏற்கெனவே கணவனை இழந்த பெண்கள்தான். பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வரும். அண்ணனுக்கு இதில் இடம் உண்டு, மதினிக்கு உண்டு, சம்பந்தி வீட்டுக்கு உண்டு. தோழிக்கு எந்த இடமும் இல்லை. கூட்டத்தோடு நின்று அழலாம், அவ்வளவுதான். கார்டு என்பது அந்த இடமில்லாதவள் கண்டுபிடித்த இடம் என்று நினைக்கிறேன். அப்படியானால் சடங்கு சொல்வதையே கார்டும் சொல்லக் கூடாது.

அன்றிரவு புறநானூற்றை எடுத்தேன். 246ஆம் பாட்டு. ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன் இறந்தபோது அவன் மனைவி பெருங்கோப்பெண்டு பாடியது. கல்லூரியில் இதை உடன்கட்டைப் பாட்டு என்று நடத்துவார்கள், கற்பின் உச்சம் என்று தேர்வில் எழுதுவோம். தோழியின் வீட்டிலிருந்து வந்தபின் படித்தால் வேறு ஒன்று கண்ணில் படுகிறது. அவள் தீப்பாய வேண்டாம் என்று சான்றோர்கள் தடுக்கிறார்கள். அவர்களுக்கு அவள் கொடுக்கும் பதிலில் மூன்றில் ஒரு பங்கு சாப்பாட்டைப் பற்றியது. நெய் இல்லாத சோறு. தண்ணீரில் கிடந்து பிழிந்து எடுத்த சோற்று உருண்டை. அரைத்த எள்ளும் புளியும். வேக வைத்த வேளைக் கீரை. பாய் இல்லாமல் பரல் கல்லின் மேல் படுக்கை. இப்படி வாழ்கிற பெண்களில் நான் ஒருத்தி இல்லை என்கிறாள். அதற்குப் பிறகுதான் தீயும், தாமரைக் குளமும் தனக்கு ஒன்று என்று சொல்கிறாள்.

அவள் சாகத் துணிந்ததற்குக் காரணம் அன்பு என்று பாட்டைப் படிப்பவர்கள் சொல்லலாம். அன்பு இல்லை என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் சான்றோரிடம் எடுத்து வைக்கும் வாதம் அன்பு பற்றியது இல்லை. நீங்கள் என்னை உயிரோடு வைத்து எனக்குக் கொடுக்கப்போவது என்ன என்பதுதான் வாதம். அதற்குச் சான்றோர் என்ன பதில் சொன்னார்கள் என்பது பாட்டில் இல்லை. உனக்கு நெய்ச்சோறு போடுகிறோம், பாய் தருகிறோம், சாகாதே என்று சொல்ல அவர்களுக்கு வாய் இருந்திருக்கும். அவள் எரிவதைத் தடுக்க வந்தவர்கள், அந்த உணவையும் படுக்கையையும் மாற்றத் தயாராக இருந்ததாக ஒரு அடையாளமும் இல்லை. அடுத்த பாட்டில் மதுரைப் பேராலவாயர் அவள் ஈமத்தீயை நோக்கிப் போவதைப் பாடுகிறார். இரண்டாவது முறை நான் எழுதிக் கிழித்த தாள் அந்தச் சான்றோரின் குரலில்தான் இருந்தது. சாகாதே என்று சொல்லியது. எதைக் கொண்டு வாழ்வது என்பதைச் சொல்லவில்லை.

ஒரு எச்சரிக்கை தேவை. அவள் அரசி. அவள் வர்ணிக்கிற கைம்மை எல்லாப் பெண்களுக்கும் ஒரே அளவில் இருந்ததில்லை. உழைக்கிற சாதிகள் பலவற்றில் தாலியை அறுத்துவிட்டு மறுபடி கட்டிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. மேலே இருந்தவர்கள் அதை 'அறுத்துக்கட்டும் சாதி' என்று இழிவாகச் சொன்னார்கள். அந்த வசைக்குப் பயந்து, கொஞ்சம் பணமும் நிலமும் வந்தவுடன் மறுமணத்தை விட்டுவிட்டு விதவைக் கோலத்தைக் கௌரவமாக எடுத்துக்கொண்ட குடும்பங்கள் எங்கள் பக்கத்திலும் உண்டு. அரசியின் நோன்பு கீழே இறங்கி வந்த வழி இது.

நோன்பு என்ற சொல்லில்தான் நான் நின்றேன். கைம்மை நோன்பு என்கிறோம். கிருஷ்ணன்கோவிலிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும் ஊரில் இன்னொரு நோன்பு இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் மார்கழி நோன்பு. திருப்பாவை முப்பது பாட்டு, எங்கள் ஊர்ப் பெண்களுக்கு மனப்பாடம், என் தோழிக்கும்தான். இரண்டாம் பாட்டில் நோன்பின் விதிகள் வருகின்றன. நெய் சாப்பிட மாட்டோம், பால் சாப்பிட மாட்டோம், விடியலில் குளிப்போம், கண்ணுக்கு மை இட மாட்டோம், தலைக்குப் பூ வைக்க மாட்டோம். பெருங்கோப்பெண்டின் பட்டியலைப் படித்த கையோடு இதைப் படித்தால் வயிற்றைப் பிசைகிறது. நெய் இரண்டிலும் இல்லை. மையும் பூவும் இல்லாத முகம் பதினாறாம் நாளுக்குப் பிறகான முகம். அதே விலக்குகளைக் கன்னிப் பெண்கள் தாமாக எடுத்துக்கொண்டு உற்சாகமாகப் பாடுகிறார்கள்.

எப்படிப் பாட முடிகிறது என்பதற்குப் பதில் இருபத்தேழாம் பாட்டில் இருக்கிறது. அங்கே நோன்பு முடிகிறது. கைக்கு வளை, தோளுக்கு அணி, காதுக்குத் தோடு, காலுக்கு நகை, புதுத்துணி. அதன் பிறகு பால்சோறு, அது மறையும்படி நெய், அந்த நெய் முழங்கை வரை வழிய எல்லோரும் கூடி உட்கார்ந்து சாப்பிடுவது. இரண்டாம் பாட்டில் எது எது போயிற்றோ, பெரும்பாலும் அது அது திரும்ப வருகிறது. மார்கழி 27ஆம் நாளைக் கூடாரவல்லி என்று கொண்டாடி, நெய் ஒழுக அக்காரவடிசல் படைக்கிறோம். விலக்கிய நாளே கொடுக்கும் நாளும் தெரியும். கைம்மை நோன்புக்கு இரண்டாம் பாட்டு உண்டு. இருபத்தேழாம் பாட்டை யாரும் எழுதவில்லை.

இதுதான் எனக்குக் கிடைத்த ஒரே விஷயம். துக்கத்தில் இருப்பவளுக்குப் பூ வேண்டாமல் இருக்கலாம். நெய் இறங்காமல் இருக்கலாம். என் தோழி முதல் வாரம் முழுக்க மோர் தவிர எதுவும் குடிக்கவில்லை. அது அவள் விலக்கியது. அதில் நாம் தலையிட ஒன்றும் இல்லை. ஆனால் அவளுடைய துக்கம் விலக்கியதை எடுத்து, காலாவதி இல்லாத சட்டமாக அவள் மேலேயே போட்டு, அதையும் நோன்பு என்று சொல்கிறோம். நல்ல வேண்டுதல் செய்ய வேண்டியது அந்த இரண்டையும் பிரிப்பது.

ஆண்டாளிடம் போவதில் ஒரு சிக்கல் இருப்பதை மறைக்க முடியாது. ஆண்டாள் கேட்டது கணவனை. அவள் கணவனுக்குச் சாவு இல்லை, அதனால் அவளுக்குக் கைம்மையும் இல்லை. பெண்கள் அவளிடம் போய்க் கேட்பதும் பெரும்பாலும் திருமணம் கூட வேண்டும் என்றோ, தாலி நிலைக்க வேண்டும் என்றோதான். என் தோழியும் பல வருடம் அதைத்தான் கேட்டாள். அவர் ஆயுசுக்காக வெள்ளிக்கிழமை விளக்கு, கரடையான் நோன்பு, எல்லாம் தவறாமல். இப்போது அந்த வேண்டுதல்கள் அத்தனையும் அவளைப் பார்த்துத் திரும்பி நிற்கின்றன. மனைவியின் பக்தி கணவனின் உயிரைக் காக்கும் என்று நம்பவைத்தால், கணவன் இறந்த அன்று அது மனைவியின் தோல்வியாகிவிடும். துக்க வீட்டில் ஒரு பெரியம்மா மெதுவாகக் கேட்டார், "இந்த வருசம் நோன்புச் சரடு கட்டினாளா?" பக்கத்தில் இருந்த எனக்குக் கேட்டது என்றால் அவளுக்கும் கேட்டிருக்கும். எனவே எந்த ஆறுதல் வேண்டுதலும் முதலில் பழைய வேண்டுதல்களின் கணக்கைத் தீர்க்க வேண்டும்.

இருந்தும் ஆண்டாளைவிட முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. திருப்பாவையில் ஆறாம் பாட்டிலிருந்து பதினைந்தாம் பாட்டு வரை பத்துப் பாட்டும் தோழிகள் வீட்டு வாசலில் நடக்கின்றன. ஒவ்வொரு வீடாகப் போய், உள்ளே இருக்கிறவளை வெளியே வரச்சொல்லிக் கூப்பிடுகிறார்கள். பதினைந்தாம் பாட்டில் உள்ளே இருக்கிறவள் பதிலுக்குப் பேசுகிறாள், கடிந்தே பேசுகிறாள். சடங்கில் இடமில்லாத தோழிக்கு ஆண்டாள் இடம் வைத்திருக்கிறாள், அது வாசல்.

அடுத்த கேள்வி, யாரிடம் என்ன கேட்பது. இதற்கும் புறநானூற்றில் ஒரு பாட்டு இருக்கிறது, 256. எழுதியவர் பெயர் தெரியவில்லை. கணவனை இழந்தவள் தாழி செய்யும் குயவனிடம் பேசுகிறாள். வண்டியின் ஆரக்காலைப் பற்றிக்கொண்டு வரும் சின்ன வெள்ளைப் பல்லி போல அவனோடு பல சுரம் கடந்து வந்தேன், எனக்கும் இரங்கி, அந்தத் தாழியை அகலமாகச் செய் என்கிறாள். சேர்ந்து புதைய வேண்டும் என்ற வேண்டுகோளை நான் ஏற்க மாட்டேன். ஆனால் அவள் கேட்கும் முறையைக் கவனியுங்கள். எல்லாம் வல்லவரிடம் அவள் போகவில்லை. சக்கரத்தின் முன் உட்கார்ந்து களிமண்ணில் கை வைத்திருக்கிற ஒருவனிடம், அவனால் செய்ய முடிகிற ஒன்றை, அளவு சொல்லிக் கேட்கிறாள். வேண்டுகோள் நிறைவேறியதா என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். தாழி அகலமாக இருக்கும் அல்லது இருக்காது.

நம் காலத்திலும் அப்படிக் கேட்டவர்கள் உண்டு. 2022 மே மாதம் மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர் மாவட்டத்து ஹேர்வாட் ஊராட்சி, கணவன் இறந்தவுடன் பெண்ணின் வளையலை உடைப்பது, குங்குமத்தை அழிப்பது போன்ற வழக்கங்களைக் கைவிடத் தீர்மானம் போட்டது. மற்ற ஊராட்சிகளும் அப்படிச் செய்யலாம் என்று மாநில அரசு சுற்றறிக்கை அனுப்பியது. 2023 ஆகஸ்டில் ஈரோடு மாவட்டத்தில் ஒரு பெண், கணவனை இழந்தவள் என்பதற்காகக் கோயில் திருவிழாவுக்கு வரவிடாமல் தடுக்கப்படுவதாகச் சொல்லிப் பாதுகாப்புக் கேட்டபோது, கைம்பெண் கோயிலுக்குள் வருவதைத் தடுக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஒரு பெண் சாமி கும்பிடுவதற்கே நீதிமன்றத்தின் உத்தரவு தேவைப்படுகிற இடத்தில், அவளுக்காக நான் சாமியிடம் வேண்டிக்கொள்வதாகக் கார்டு எழுதுவதில் ஒரு கேலி இருக்கிறது. அதனால் என் வேண்டுதலில் சாமியிடம் கேட்பதும், மனிதர்களிடம் கேட்பதும், நானே செய்வதும் தனித்தனியாகத் தெரிய வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். கடைசியாக எழுதி அனுப்பியது இது.

கோதை, மார்கழி விடியலில் வீடு வீடாகப் போய்த் தோழிகளைக் கூப்பிட்டவள் நீ. கிருஷ்ணன்கோவிலில் ஒரு வீட்டு வாசலில் நானும் நிற்கிறேன். உள்ளே என் தோழி இருக்கிறாள். அவளை எழுப்ப வரவில்லை. ராத்திரியில் தூக்கம் இல்லை என்றாள். முதலில் அவளுக்குத் தூக்கத்தைக் கொடு.

அவர் ஆயுசுக்காக அவள் ஏற்றிய விளக்கு ஒவ்வொன்றும் உனக்குத் தெரியும். அதில் குறை இருந்தது என்று யாராவது சொன்னால் நாங்கள் பதில் சொல்லிக்கொள்கிறோம். அவளே தனக்குள் சொல்லிக்கொண்டால், குறை இல்லை என்று நீ சொல்.

அவர் பெயரை எல்லோரும் அவள் முன்னால் சொல்லட்டும். அவர் சிரித்த கதையையும் கோபப்பட்ட கதையையும் பயப்படாமல் பேசட்டும். அவள் அழுதால் அழட்டும் என்று விடட்டும்.

நீயும் நெய்யை விலக்கினாய், பாலையும் மையையும் பூவையும் விலக்கினாய். எத்தனை நாள் என்று உனக்குத் தெரியும். அவளுக்கும் ஒரு நாள் குறித்துக் கொடு. ஊர் அதைக் குறிக்க வேண்டாம், நானும் குறிக்க வேண்டாம், அவள் குறிக்கட்டும். அதுவரை அவள் எதை விலக்கினாலும் அது அவள் துக்கமாக இருக்கட்டும். பொட்டோ பூவோ வளையலோ, அவள் கையால் கழன்றால் கழலட்டும், அடுத்தவர் கையால் வேண்டாம்.

வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் போகும் நாளிலும் வங்கிக்குப் போகும் நாளிலும் நான் கூட வருவேன். கார்த்திகை முதல் திங்கள் காலையில் வந்து நிற்பேன். இதை உன்னிடம் கேட்கவில்லை, உன் முன்னால் சொல்லி வைக்கிறேன்.

அவள் இதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. சொன்னால், திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன்.

எழுதும்போது எடுத்த முடிவுகள் சிலவற்றைச் சொல்ல வேண்டும். இதில் பேசுவது நான், அவள் இல்லை. 'எனக்குத் தூக்கம் கொடு' என்று அவள் சொல்வதுபோல முதலில் எழுதிப் பார்த்தேன். பிறருக்கு எழுதிக் கொடுக்கும் வேண்டுதல்கள் பல அப்படித்தான் இருக்கும். ஆனால் என் சொற்களை அவள் வாயில் வைப்பதும் அவளுக்காகத் தீர்மானிப்பதில் ஒரு வகை. அவள் தன் சாமியிடம் என்ன பேசுகிறாள் என்பது எனக்குத் தெரியாது. இந்த மாதம் சண்டை போட்டுக்கொண்டிருக்கலாம். அதனால் அவள் ஓரமாக இருந்து கேட்கும்படி வைத்தேன்.

நேரில் வருவேன் என்ற இடத்தில் நாளைக் குறித்தேன். எது வேண்டுமானாலும் கேள், நான் இருக்கிறேன் என்று துக்க வீட்டில் எல்லோரும் சொல்கிறோம். கேட்கும் வேலையை அவளிடமே விட்டுவிட்டுப் போகிறோம். யாரிடம், எப்போது, எதைக் கேட்பது என்று யோசிக்கும் நிலையில் அவள் இல்லை. குயவனிடம் பேசியவள் போல அளவு சொன்னால்தான், வந்தேனா வரவில்லையா என்று அவளால் சொல்ல முடியும்.

பால்கோவாவைப் பற்றி ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். நெடுஞ்சாலைக் கடையில் வாங்கிக்கொண்டு போவது எங்கள் வழக்கம். துக்க வீட்டுக்கு இனிப்புக் கொண்டுபோகக் கூடாது. அவள் நாள் குறித்ததும் கால் கிலோவோடு வருகிறேன் என்று எழுதியிருந்தேன். எனக்கே அது அழகாகத் தெரிந்தது. அதனால்தான் எடுத்தேன். முதல் மாதத்தில் அவளிடம் இனிப்பைப் பற்றிப் பேசுவது, அவள் துக்கம் முடிவதற்கு நான் அவசரப்படுவதுபோல இருக்கும்.

கார்டு பதினோராம் நாள் கிடைத்திருக்கிறது. காரியம் முடிந்து மூன்றாம் நாள் அவள் போன் செய்தாள். காரியத்தன்று வளையலை உடைக்க விடாமல் தானே கழற்றி வைத்துவிட்டதாகச் சொன்னாள். பொட்டை எடுத்துவிட்டார்கள், அப்போது தடுக்கத் தெம்பு இல்லை என்றாள். என் தாளால்தான் வளையல் தப்பியது என்று நான் நினைக்கவில்லை. அவள் பிடிவாதக்காரி, பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்குத் தெரியும். தாள் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியலைடி. கொழுந்தன் மகதான் வாசிச்சுக் காட்டுனா. அத்தையும் கட்டில்ல உக்காந்து கேட்டாக."

அத்தை என்று அவள் சொன்னது மாமியாரை. அந்தம்மாவுக்கு இது மகன் சாவு. அவர் கணவர் இறந்தது அதற்கும் முன்னால், மூத்த மகன் ஸ்கூலில் படிக்கும்போது.

"அத்தை என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை முதல்ல. அப்புறம், 'அந்த நாளு குறிக்கிறதை மறுபடி வாசி'ன்னாக. வாசிச்சா. 'எனக்கு யாரு குறிச்சா, முப்பத்தோரு வருசமாச்சு'ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாக."

என் வேண்டுதலின் குறை எது என்று நான் தேடிக்கொண்டிருந்த இடத்தில் அது இல்லை. யாரிடம் கேட்பது, யார் குரலில் கேட்பது, என்ன அளவில் கேட்பது என்று யோசித்தேன். 'அவள்' என்ற சொல்லை யோசிக்கவில்லை. அந்த வீட்டில் கைம்மை நோன்பு இருப்பவர்கள் இரண்டு பேர். பதினாறாம் நாள் என் தோழியின் பூவை எடுக்க வந்த பெண்களும் அதே நோன்பில் இருப்பவர்கள். அவர்களுடைய கைகளை நான் 'அடுத்தவர் கை' என்று எழுதியிருக்கிறேன். அவர்களுக்கும் ஒரு காலத்தில் யாரோ எடுத்தார்கள். யாரும் முடித்து வைக்காத நோன்பில் இருப்பவர்களைத்தான், அடுத்தவளுக்கு அதைத் தொடங்கிவைக்கச் சொல்கிறோம்.

ஃபிளெக்ஸில் என் தோழியின் பெயர் இல்லை என்று குறை சொன்ன நான், அந்தம்மா பத்தடி தூரத்துக் கட்டிலில் இருப்பது தெரிந்தும் அவரைத் தாளில் சேர்க்கவில்லை. மகனை இழந்தவர் என்றுதான் அவருக்குத் துக்கம் கேட்டுவிட்டு வந்தேன். ஆறுதல் எல்லாம் இந்த மாதம் இழந்தவளுக்கு. முப்பத்தோரு வருடத்துக்கு முன் இழந்தவருக்கு எழுதக் கடையில் கார்டு கிடையாது.

நேற்று வேறு தாளில் மறுபடி எழுதினேன். மாற்றம் சிறியது. 'அவளுக்கும் ஒரு நாள் குறித்துக் கொடு' என்பதை 'அவர்களுக்கும்' என்று ஆக்கினேன், 'அவள் குறிக்கட்டும்' என்பதை 'அவரவர் குறிக்கட்டும்' என்று ஆக்கினேன். 'அடுத்தவர் கையால் வேண்டாம்' என்ற இடத்தில், அந்தக் கைகளுக்கும் இனி அந்த வேலை வேண்டாம் என்று ஒன்றைச் சேர்த்தேன். கார்த்திகை முதல் திங்கள் தாலுகா ஆபீஸுக்குப் போகும்போது கையில் கொடுத்துவிடலாம். இந்த முறை மடித்து உறையில் போடாமல், கட்டிலில் உட்கார்ந்து நானே வாசிக்கலாம் என்று இருக்கிறேன். அந்தம்மா திட்டினால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான், அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.